விலைப்பட்டியலைப் படமாக இல்லாமல் எக்ஸலாக அனுப்பச் சொல்லி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்

ஆணிக்கடை (களுவாஞ்சிகுடி)

ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். பெயின்ட், ஆணி, கம்பி, பிவிசி பைப் என்று வழமையான சாமான்கள்தான். பிவிசி பிட்டிங்ஸ் முழுக்கக் கொழும்பில் ஒரே மொத்த வியாபாரியிடம் எடுக்கிறேன். நல்ல மனிதர். கடனுக்கும் தருவார், லொறியும் சொன்ன நாளில் வந்துவிடும். அவரிடம் எனக்குள்ள ஒரே தொல்லை விலைப்பட்டியல்தான்.

விலை மாறும்போதெல்லாம் அச்சடித்த தாள்களை மேசையில் பரப்பி, போனில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து படம் வரும். சிலதில் வலது ஓரம் வெட்டுப்பட்டு விலையின் கடைசி இலக்கம் இருக்காது. தாள் மடிந்த இடத்தில் வரி வளைந்து போயிருக்கும். 25 மி.மீ. டீயின் விலையா, 32 மி.மீ. டீயின் விலையா என்று அடிமட்டம் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடையில் கம்ப்யூட்டர் இருப்பதால் எல்லாவற்றையும் மகள் இரவில் உட்கார்ந்து திரும்ப அடிக்கிறாள். அவளுக்கு அடுத்த மாதம் பரீட்சை.

இதை அனுப்பலாம் என்று நினைக்கிறேன்:

> வணக்கம் நானா. நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியல் படங்கள் தெளிவில்லை. இனிமேல் எக்ஸலில் அனுப்பவும். நன்றி.

கடன் தருகிற மனிதர், கோபித்துக்கொள்வாரோ என்று ஒரு யோசனை. எப்படி மாற்றலாம்?

பேரேடு (மட்டக்களப்பு)

கோபிப்பதை விடுங்கள் தம்பி. இந்தக் குறிப்பை வாசித்துவிட்டு அவர் என்ன செய்வார் என்று யோசியுங்கள். நான் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையின் கணக்குப் பகுதியில் இருந்தவள். முதலாளி இப்படி ஒரு செய்தியைப் பார்த்தால், "படம் தெளிவாக எடுங்கடா" என்று உள்ளே சத்தம் போடுவார். அத்தோடு முடிந்தது. எக்ஸல் என்ற சொல்லைப் பார்த்ததும், யாரோ உட்கார்ந்து முந்நூறு சாமானைப் புதிதாக அடிக்க வேண்டும் என்றுதான் அவர் விளங்கிக்கொள்வார். யாருக்கு அங்கே நேரம்?

உண்மையில் யாரும் எதையும் அடிக்க வேண்டியதில்லை. அந்தத் தாள் ஏற்கனவே ஒரு கம்ப்யூட்டரிலிருந்துதான் வந்திருக்கிறது. உங்களிடம் உள்ள படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாக் கட்டமும் ஒரே மாதிரிக் கோடு போட்டு, கீழே பக்க இலக்கம் மட்டும் இருந்தால் அது அநேகமாக எக்ஸல். மேலே கொம்பனிப் பெயரோடு அச்செடுத்த நேரம், அறிக்கையின் பெயர் எல்லாம் சின்ன எழுத்தில் இருந்தால், பில் போடுகிற மென்பொருளிலிருந்து எடுத்தது. அப்படியான மென்பொருட்களிலும் பெரும்பாலும் எக்ஸலுக்கு ஏற்றுமதி செய்கிற பொத்தான் இருக்கும், `Export` என்று. உங்களுடையது எது?

ஆணிக்கடை

பார்த்தேன் அக்கா. கட்டம் போட்டது, கீழே பக்க இலக்கம். வேறொன்றும் இல்லை.

பேரேடு

அப்படியென்றால் நீங்கள் கேட்க வேண்டியது "எக்ஸலில் அனுப்புங்கள்" என்று அல்ல. "அச்செடுக்கிற பைலையே அனுப்புங்கள்" என்று. அவர்களுக்கு வேலை கூடாது, படம் பிடிக்கிற வேலை குறையும். குறிப்பின் முதல் வரியிலேயே அது வரவேண்டும்.

ஓட்டமாவடித் தம்பி

ஏன் இவ்வளவு சிரமம்? எக்ஸல் அப் போனில் இருந்தால் படத்தைக் காட்டினால் போதும், அதுவே கட்டம் கட்டமாக எடுத்துப் போடும். நான் செய்து பார்த்திருக்கிறேன். இல்லாவிட்டால் பிடிஎப் கேளுங்கள், அதிலிருந்து கொப்பி பண்ணலாம். ஒருவரிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

ஆணிக்கடை

மகளும் அதைச் செய்து பார்த்தாள். 3 எல்லாம் 8 ஆக வந்தது.

பேரேடு

3 ஐ 8 ஆக வாசிப்பது பெரிய ஆபத்தில்லை. 135 ரூபா சாமான் 185 என்று வந்தால் தெரிந்தவர் கண்ணுக்குப் பிடிபடும். ஆபத்து வேறு இடத்தில். பட்டியலில் ஒரு சாமானுக்கு விலைக் கட்டம் வெறுமையாக இருக்கிறது என்று வையுங்கள், இப்போது கையிருப்பில் இல்லை என்பதற்காக. படத்திலிருந்து எடுக்கும்போது சில வேளை அந்த வெறுமையைக் கணக்கில் எடுக்காமல், அதற்குக் கீழே உள்ள விலைகள் எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிடும். ஒவ்வொரு விலையும் சரியான விலை போலத்தான் இருக்கும், ஆனால் எல்லாம் பக்கத்துச் சாமானின் விலை. பிட்டிங்ஸில் பக்கத்துப் பக்கத்து அளவுகளுக்கு விலை கிட்டக் கிட்ட இருப்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம். வளைந்த தாள், சரிந்த படம் என்றால் இது அடிக்கடி நடக்கும். அப்படி எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு படத்தின் கடைசி வரியையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி வரி பொருந்தாவிட்டால் இடையில் எங்கோ நழுவியிருக்கிறது.

பிடிஎப் பற்றித் தம்பி சொன்னது பாதி சரி. எக்ஸலிலிருந்தே பிடிஎப் ஆக்கினால் எழுத்தைத் தெரிவு செய்து எடுக்கலாம். ஸ்கேன் பண்ணின தாளைப் பிடிஎப் என்று அனுப்பினால் அதுவும் படம்தான், உறை மட்டும்தான் வேறு. விரலை வைத்து ஒரு சொல்லைத் தெரிவு செய்ய முடிகிறதா என்று பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

ஓட்டமாவடித் தம்பி

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. எக்ஸல் வரும் வரைக்கும், படத்தையாவது கலரியிலிருந்து போடாமல் `Document` என்று போட்டு அனுப்பச் சொல்லுங்கள். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். டொகியுமன்டாகப் போட்டால் சுருக்காது.

பேரேடு

அது நல்ல யோசனை.

மருதமுனைத் தறி

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இதற்கு எதிர்க்கட்சி. எங்களிடம் கைத்தறிச் சாரன், சேலை எடுக்கிற கடைக்காரர்களும் இப்போது இப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள். படம் வேண்டாம், லிஸ்ட் அனுப்பு என்று. கரை என்ன நிறம், கட்டம் பெரிதா சின்னதா என்பதை எக்ஸலில் எப்படிக் காட்டுவது? "நீலம்" என்று எழுதினால் எந்த நீலம்? போன பெருநாளைக்கு ஒரு கடை லிஸ்டைப் பார்த்து ஓடர் பண்ணிவிட்டு, சாமான் போன பிறகு இது நாங்கள் நினைத்த பச்சை இல்லை என்று முழுக்கத் திருப்பி அனுப்பியது. போக்குவரத்துச் செலவு என் தலையில். படத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

ஆணிக்கடை

காக்கா, நான் சாமானின் படத்தைச் சொல்லவில்லை. விலை அடித்த தாளின் படத்தைச் சொன்னேன். சாரனுக்குப் படம் இல்லாமல் எப்படி?

மருதமுனைத் தறி

ஓ, அப்படியா. அப்போ சரி. ஆனாலும் என் வழக்கைத் தனியாக ஒரு இழை போட்டுக் கேட்கப் போகிறேன்.

கல்முனை ரெப்

நான் மறுபக்கத்து ஆள். உங்களுடைய கொம்பனி இல்லை, வேறு ஒரு கொம்பனிக்குக் கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் லைன் போகிறேன். ஏன் படம் அனுப்புகிறோம் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கள் கொம்பனியில் 2022 இல்தான் நன்றாக ஏறியது. ரூபா விழுந்தபோது காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. ஒபிஸில் தாளை அடித்து ஒட்டுவார்கள், நாங்கள் நின்ற நிலையிலேயே படம் எடுத்து எல்லா டீலருக்கும் தட்டிவிடுவோம். அதைவிட வேகமான வழி இருக்கவில்லை. மறுகா நிலைமை சீராகியும் பழக்கம் போகவில்லை.

அடுத்தது, முதலாளிமாருக்கு எக்ஸல் என்றால் பயம். இரண்டு பயம். ஒன்று, வாங்குகிறவன் விலையை மாற்றிவிட்டு "நீங்கள்தான் இப்படி அனுப்பினீர்கள்" என்பான். இரண்டாவது, இதுதான் பெரிய பயம், ஒபிஸ் பைலில் மற்ற நிரல்களும் இருக்கும். கொள்வனவு விலை, எந்த டீலருக்கு எத்தனை வீதக் கழிவு என்று எல்லாம். அச்செடுக்கும்போது அந்த நிரல்களை மறைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். பைலையே அனுப்பினால் மறைத்தது வெளியே வரும். எங்கள் ஒபிஸில் ஒரு தடவை அது நடந்தது. பக்கத்துக் கடைக்கு இரண்டு வீதம் கூடக் கழிவு என்பதை ஒருவர் பார்த்துவிட்டு, எனக்கும் தா என்று நின்றார். நியாயம்தானே, ஆனால் அடி வாங்கியது நான்.

வேண்டுமென்றால் பாஸ்வேர்ட் போட்டு ஷீட்டைப் பூட்டித் தரலாம்.

பேரேடு

ரெப் தம்பி சொன்னதுதான் இந்த இழையில் முக்கியமான விஷயம். ஆணிக்கடைத் தம்பி, உங்கள் குறிப்பில் அவர் பயத்துக்கு ஒரு வரி இல்லாவிட்டால் பைல் வராது.

ஆனால் பூட்டுவது பற்றி ஒன்று. ஷீட்டைப் பூட்டினால் உள்ளே எழுதுவதைத்தான் தடுக்கும், வாசிப்பதை அல்ல. மறைத்த நிரல் E என்று வையுங்கள். இன்னொரு பைலைத் திறந்து, அதிலிருந்து இந்தப் பைலின் E2 ஐச் சுட்டி ஒரு சமன்பாடு போட்டால் உள்ளே இருக்கிற இலக்கம் வந்து நிற்கும். பூட்டு அதைத் தடுக்காது. ஆகவே மறைப்பது வேலைக்காகாது, நீக்க வேண்டும். ஒபிஸில் செய்ய வேண்டியது: வேண்டிய நாலைந்து நிரல்களை மட்டும் தெரிவு செய்து கொப்பி எடுத்து, புதுப் பைலில் `Paste Values` என்று ஒட்டி, அந்தப் புதுப் பைலை அனுப்புவது. வெறுமனே ஒட்டினால் விலைக்குப் பின்னால் இருக்கிற சமன்பாடும் சேர்ந்து போய், கொள்வனவு விலையோடு எத்தனை வீதம் கூட்டுகிறார்கள் என்பதையே காட்டிக்கொடுக்கும்.

விலையை மாற்றிவிடுவான் என்ற பயத்துக்கு மருந்து லேசு. படத்தையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். படமோ பிடிஎப்போ அத்தாட்சிக்கு, எக்ஸல் வேலைக்கு. இரண்டுக்கும் முரண் வந்தால் தாளில் இருப்பதுதான் விலை என்று நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீங்களாகச் சொன்னால் அவருக்கு நிம்மதி.

வாகரைக் கடை

எனக்கு இந்த எக்ஸல் எல்லாம் வராது. என் கடையில் கம்ப்யூட்டர் இல்லை, போன்தான். வட்ஸ்அப்பில் படம் வந்தால் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன், வாடிக்கையாளருக்கும் காட்டுவேன். எக்ஸல் பைல் வந்தால் என் போனில் திறப்பதற்கே எதையோ போடு என்று கேட்கிறது, திறந்தாலும் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் எக்ஸல் கேட்டுக் கேட்டுக் கடைசியில் படம் அனுப்புவதை நிறுத்திவிடப் போகிறார்கள். எங்களைப் போல ஆட்களையும் யோசியுங்கள்.

கல்முனை ரெப்

அண்ணன் சொல்வது உண்மை. என் லைனில் முக்கால்வாசிக் கடை அப்படித்தான். எக்ஸல் கேட்கிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்.

பேரேடு

அதனால்தான் படத்தை நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்றேன்.

இப்போது பைல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பிட்டிங்ஸ் பட்டியலில் மட்டும் வருகிற ஒரு வியாதி இருக்கிறது, அதை முதலே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் 20 மி.மீ. எல்போவை அரை இஞ்சி என்றுதான் கேட்பார்கள். ஒபிஸ் பொடியன் அளவு நிரலில் 1/2 என்று அடிப்பான். எக்ஸல் அதைத் திகதி என்று எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரின் அமைப்பைப் பொறுத்து பெப்ரவரி 1 என்றோ ஜனவரி 2 என்றோ காட்டும். 3/4 அடித்தாலும் இதே கதைதான். திரையில் `01-Feb` என்று பார்த்ததும் பொடியன் நிரலின் வடிவத்தை எண்ணுக்கு மாற்றுவான். அப்போது 45689 மாதிரி ஒரு பெரிய இலக்கம் வரும். அது 2025 பெப்ரவரி 1 க்கு எக்ஸல் உள்ளே வைத்திருக்கிற எண். வடிவத்தை `Text` என்று மாற்றினாலும் அரை இஞ்சி திரும்ப வராது, அந்த இலக்கம்தான் நிற்கும், திரும்ப அடிப்பதுதான் லேசு.

தடுக்க இரண்டு வழி. அடிக்க முன்பே அந்த நிரலை `Text` என்று வைப்பது. இல்லாவிட்டால் இஞ்சியை விட்டுவிட்டு மி.மீ. அளவை மட்டும் கேட்பது: 20, 25, 32, 40, 50, 63. இதில் எக்ஸல் குழம்ப ஒன்றுமில்லை. குறிப்பில் மி.மீ. கேளுங்கள் என்பது என் யோசனை. வாடிக்கையாளர் அரை இஞ்சி என்று கேட்டால் எது என்று உங்களுக்குத் தெரியும்தானே.

அக்கரைப்பற்று சில்லறை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரித்தான், ஆனால் திகதி இல்லை. பிஸ்கட் கொம்பனி எக்ஸல் அனுப்புகிறது, பார்கோட் நிரல் முழுக்க `4.79E+12` என்று இருக்கிறது. எல்லாச் சாமானுக்கும் ஒன்றே. என்ன செய்வது?

பேரேடு

அக்கா, பயப்பட வேண்டாம், பைல் `xlsx` என்றால் இலக்கம் உள்ளே இருக்கிறது. இங்கே பதிவு செய்த பார்கோட் 479 இல் தொடங்கும், மொத்தம் 13 இலக்கம். எக்ஸல் அவ்வளவு நீண்ட எண்ணைச் சுருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். நிரலைத் தெரிவு செய்து `Number` என்று மாற்றி, தசமப் புள்ளிக்குப் பின்னால் பூச்சியம் என்று வையுங்கள். ஆனால் அந்த நிலையிலேயே யாராவது அதை `csv` ஆகச் சேமித்திருந்தால் திரையில் தெரிந்ததுதான் பைலில் போயிருக்கும். அப்படியென்றால் கொம்பனியிடம் திரும்பக் கேளுங்கள்.

அக்கரைப்பற்று சில்லறை

`xlsx` தான். வந்துவிட்டது! பெரிய உதவி.

ஆணிக்கடை

எனக்கு எக்ஸல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள் அக்கா. நான் தேடுவது ஒன்றுதான்: போன பட்டியலுக்கும் புதுப் பட்டியலுக்கும் எது ஏறியிருக்கிறது, அதனால் நான் எதன் விலையை மாற்ற வேண்டும்.

பேரேடு

அதற்கு ஒவ்வொரு சாமானுக்கும் கோட் வேண்டும். பெயரை நம்பி ஒப்பிட முடியாது. ஒரு மாதம் "எல்போ 20" என்பார்கள், அடுத்த மாதம் "20 எல்போ". கோட் மாறாது, ஆகவே குறிப்பில் கோட் கட்டாயம்.

பழைய பட்டியலை `Old` என்ற ஷீட்டிலும் புதியதை `New` என்ற ஷீட்டிலும் வையுங்கள். இரண்டிலும் A கோட், B பெயர், C விலை. பழைய ஷீட்டின் D2 இல் இது:

```
=VLOOKUP(A2,New!A:C,3,FALSE)
```

கீழே இழுத்துவிடுங்கள். பழைய விலைக்குப் பக்கத்தில் புது விலை வந்து நிற்கும். `#N/A` என்று வந்தால் அந்தக் கோட் புதுப் பட்டியலில் இல்லை, அல்லது கோட்டுக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கட்டத்தை அழித்துத் திரும்ப அடித்துப் பார்த்தால் தெரியும்.

ஓட்டமாவடித் தம்பி

அந்த `FALSE` தேவையில்லை. நான் போடுவதில்லை, விலை வருகிறது.

பேரேடு

வரும். எது வருகிறது என்பதுதான் கேள்வி. T20, T25, T32, T40 என்று டீக்களின் கோட் இருக்கிறது. புதுப் பட்டியலில் T32 ஐ நிறுத்திவிட்டார்கள். `FALSE` இருந்தால் `#N/A` வரும், நீங்கள் போன் எடுத்துக் கேட்பீர்கள். இல்லாவிட்டால் எக்ஸல் அதற்கு முன்னால் உள்ள T25 இன் விலையை எடுத்துப் போடும், ஒரு எச்சரிக்கையும் இல்லாமல். பட்டியல் கோட் வரிசையில் இல்லாவிட்டால் இன்னும் மோசம், எந்த வரியிலிருந்து எடுக்கும் என்றே சொல்ல முடியாது. 32 டீயின் விலை குறைந்துவிட்டது என்று நினைத்து நீங்களும் குறைத்து விற்பீர்கள்.

ஓட்டமாவடித் தம்பி

என் ஷீட்டைப் போய்ப் பார்க்கிறேன்…

பேரேடு

இன்னொன்று, தம்பி. பட்டியல் விலை உங்கள் அடக்க விலை இல்லைதானே? கழிவு எவ்வளவு?

ஆணிக்கடை

முப்பது வீதம், அதற்குப் பிறகு ஐந்து.

பேரேடு

நினைத்தேன். அது முப்பத்தைந்து இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், மகளிடமும் சொல்லிவிடுங்கள். ஒரு டீ பட்டியலில் 150 ரூபா என்றால், முப்பது போக 105, அதில் ஐந்து வீதம் போக 99.75. இனித்தான் வாட். 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். பட்டியல் விலை வாட் சேர்க்காதது என்றால், உங்கள் கைக்கு வரும் விலை 117.71. உங்கள் கடை வாட் பதிவு இல்லாதது என்று நினைக்கிறேன், அப்படியென்றால் அது முழுக்க உங்கள் செலவு.

```
=C2*(1-30%)*(1-5%)*1.18
```

அதை நீங்கள் 140 க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். மிஞ்சுவது 22 ரூபா சொச்சம். புதுப் பட்டியலில் 165 ஆகிறது. அதே கணக்கில் அடக்கம் 129.48. விற்கும் விலையை மாற்றாவிட்டால் மிஞ்சுவது பத்தரை ரூபாதான், பாதிக்கும் குறைவு. பட்டியலில் பத்து வீதம் ஏறியதை "சின்ன ஏற்றம்" என்று விட்டால் இதுதான் நடக்கும். இதற்கு மேல், 165 வாட் சேர்த்தது என்று பிழையாக நினைத்தால் அடக்கம் 109.73 என்று காட்டும். ஒரு டீக்கு முப்பது ரூபா இலாபம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே வாட் சேர்த்ததா இல்லையா என்று ஒரு வரி கேட்காமல் குறிப்பை அனுப்பாதீர்கள். படத்தில் அது எங்காவது அடியில் சின்ன எழுத்தில் இருந்திருக்கும், வெட்டுப்பட்டிருக்கும்.

கல்முனை ரெப்

நானும் ஒன்று சேர்க்கிறேன். அவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்று எழுதுங்கள். ஓடரை நீங்கள் "எல்போ அரை இஞ்சி 50" என்று வொய்ஸில் சொல்கிறீர்கள் இல்லையா? ஒபிஸில் அதைக் கேட்டுப் பில் அடிக்கும்போது பிழை வருகிறது, சாமான் மாறிப் போகிறது, லொறியில் திரும்பி வருகிறது. அவர்கள் கோட்டைப் போட்டு அதே பைலில் எண்ணிக்கையை நிரப்பித் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஒபிஸ் பொடியனே உங்களுக்காக முதலாளியிடம் கதைப்பான்.

ஆணிக்கடை

திருத்தி எழுதினேன். சரியா பாருங்கள்:

> வணக்கம் நானா, சுகமா? பிவிசி பிட்டிங்ஸ் விலைப்பட்டியல் சம்பந்தமாக ஒரு சின்ன உதவி.
>
> நீங்கள் படம் எடுத்து அனுப்புகிற தாள், ஒபிஸ் கம்ப்யூட்டரில் எக்ஸல் பைலாக இருக்கும் என்று நினைக்கிறேன். படத்தோடு அந்தப் பைலையும் வட்ஸ்அப்பில் டொகியுமன்டாக அனுப்பச் சொல்ல முடியுமா? எனக்காகப் புதிதாக எதுவும் அடிக்கத் தேவையில்லை.
>
> உங்கள் கோட், சாமானின் பெயர், மி.மீ. அளவு, விலை இந்த நாலும் போதும். வேறு நிரல்கள் இருந்தால், மறைக்காமல், இந்த நாலை மட்டும் புதுப் பைலில் `Paste Values` என்று ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் மற்றக் கணக்குகள் எனக்கு வரக்கூடாது. விலை வாட் சேர்த்ததா, எந்தத் திகதியிலிருந்து என்று ஒரு வரி வேண்டும். மாறியவற்றை மட்டும் அனுப்பாமல் ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலும் வந்தால் நல்லது.
>
> பைலுக்கும் தாளுக்கும் வித்தியாசம் வந்தால் தாளில் உள்ளதுதான் விலை, அதில் நான் வாதிட மாட்டேன். ஓடரை இனி உங்கள் கோட் போட்டு அதே பைலில் அனுப்புகிறேன், பில் அடிக்க லேசாக இருக்கும்.

பேரேடு

நன்றாக வந்திருக்கிறது. முழுப் பட்டியல் கேட்டது கெட்டித்தனம், இல்லாவிட்டால் பட்டியலில் இல்லாதது நிறுத்தப்பட்டதா, விலை மாறாததா என்று தெரியாது.

வாகரைக் கடை

"படத்தோடு" என்று போட்டதற்கு நன்றி தம்பி.

ஆணிக்கடை

பதில் வந்தது. நானா ஒரு பெருவிரல் மட்டும் போட்டார். அடுத்த நாள் ஒபிஸிலிருந்து ஒரு தம்பி பைல் அனுப்பினார். கோட் இருக்கிறது, மி.மீ. இருக்கிறது. விலை நிரலில்தான் சிக்கல். எல்லாம் `Rs. 165/=` என்று இருக்கிறது, கூட்டினால் பூச்சியம் வருகிறது.

பேரேடு

அது நம் நாட்டுப் பழக்கம், காசோலையில் எழுதுகிற மாதிரி எழுதிவிட்டார்கள். எக்ஸலுக்கு அது எண் இல்லை, எழுத்து. கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி நிற்கும், எண் என்றால் வலது பக்கம் போகும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். விலை நிரலை மட்டும் தெரிவு செய்து `Ctrl+H` அழுத்தி, `/=` என்பதைத் தேடி, மாற்றும் இடத்தை வெறுமையாக விட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிறகு `Rs.` க்கும் அப்படியே, பின்னால் உள்ள இடைவெளியோடு சேர்த்து. இரண்டும் போனதும் இலக்கங்கள் வலது பக்கம் ஓடும். இடதிலேயே நிற்கிறவை இருந்தால் அவற்றைத் தனியாகப் பாருங்கள். அடுத்த தடவை அந்தத் தம்பியிடம் வெறும் இலக்கமாகக் கேளுங்கள், முதலாளியிடம் போக வேண்டாம்.

ஆணிக்கடை

ஏழெட்டுத்தான் இடதில் நின்றது. "கேட்டறியவும்" என்று எழுதியிருக்கிறார்கள், விலை இல்லை. மற்றதெல்லாம் சரி. ஆனால் கழிவு எத்தனை வீதம் என்பதை மட்டும் பைலில் எழுத மாட்டாராம், அது ரெப்பிடம் வாயால்தான் என்கிறார் நானா.

கல்முனை ரெப்

எழுத மாட்டார். நானும் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

பேரேடு

அப்படியென்றால் கழிவை உங்கள் பைலில் ஒரு தனிக் கட்டத்தில் போட்டு, பக்கத்தில் ரெப் சொன்ன திகதியை எழுதி வையுங்கள். சமன்பாட்டுக்குள் 30% என்று எழுதாமல் அந்தக் கட்டத்தைச் சுட்டுங்கள். மாறினால் ஒரு இடத்தில் மாற்றினால் போதும். ஆனால் வாயால் சொன்ன கழிவுக்கு நாளை பில்லில் வித்தியாசம் வந்தால் உங்களிடம் ஒரு ஆதாரமும் இருக்காது. ரெப் சொன்னதை வட்ஸ்அப்பில் "இன்று 30, 5 என்று சொன்னீர்கள்" என்று திருப்பி எழுதி அனுப்பினால் என்ன?

கல்முனை ரெப்

அதைச் செய்தால் உங்களுக்குக் கழிவு சொல்வதையே நிறுத்திவிடுவார்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன்.

பேரேடு

நான் அப்படி நினைக்கவில்லை. ஒழுங்காகப் பணம் கட்டுகிற கடைக்கு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

ஆணிக்கடை

இப்போதைக்குக் கட்டத்தில் போட்டு வைக்கிறேன். எழுதி அனுப்புவதை அடுத்த லொறி வந்த பிறகு யோசிக்கலாம். இன்னொரு கேள்வி: பைலில் 1 ஆம் திகதியிலிருந்து என்று இருக்கிறது. நான் ஓடர் போட்டது போன மாதம் 29 இல், சாமான் வருவது 3 இல். எந்த விலை?

கல்முனை ரெப்

எங்கள் கொம்பனியில் பில் அடிக்கிற நாளின் விலை. உங்களுடையவர் எப்படியோ, கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.